மறுமொழி கேட்டலும் மறுவிண்ணப்பம் எழுதலும்

முன்னுரை

முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் பலர், தேர்வுப் பட்டியலில் தம் பெயர் இல்லை என்று கண்டதும் அமைதியாகி விடுகின்றனர். அடுத்த பருவத்தில் அதே ஆய்வுத் திட்ட வரைவைத் தேதியை மட்டும் மாற்றி வேறொரு நிறுவனத்திற்கு அனுப்புகின்றனர். முதல் வரைவில் படிப்போர் இடறிய இடம் இரண்டாவதிலும் அப்படியே நிற்கிறது. விடுபட்டதன் காரணத்தை எவ்வாறு கேட்பது, கிடைத்த விடையை எவ்வாறு அடுத்த விண்ணப்பமாக்குவது என்பதை ஆய்வுச் சேர்க்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

கேட்கும் முறை

'என்னை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை?' என்னும் வினா, விடை சொல்பவரைத் தம் முடிவுக்கு வாதாட வைக்கிறது. அவர் ஒன்று மௌனம் காப்பார். அன்றேல் 'தகுதியானோர் பலர் இருந்தனர்' என்று பொதுவாகச் சொல்லி முடிப்பார். 'என் வரைவில் எந்தப் பகுதி தெளிவற்றிருந்தது?' என்னும் வினாவுக்கோ அவர் முடிவைக் காக்க வேண்டியதில்லை. வரைவைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

முடிவு வெளியான ஒரு வாரத்திற்குள், நேர்காணல் நினைவிலிருந்து மறையுமுன், கடிதம் சென்று சேர்தல் நலம். அது நான்கு வரிகளில் அமையலாம்: 'ஐயா, நேர்காணலுக்கு அழைத்தமைக்கு நன்றி. குழுவின் முடிவை ஏற்கிறேன். அடுத்த பருவத்தில் மீண்டும் விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். என் ஆய்வுத் திட்ட வரைவில் முதலில் திருத்த வேண்டிய ஓரிரு இடங்களைச் சுட்டினால் பெரிதும் உதவும்.' முடிவை ஏற்பதாகச் சொல்லும் இரண்டாம் வரியே இக்கடிதத்தின் உயிர். அஃது இல்லையேல், பெறுபவர் இதனை முறையீடாகக் கருதிவிடுவார். விடை வந்தபின் அதனை மறுத்து எழுதுதல் கூடாது. நன்றி மட்டும் தெரிவிக்க வேண்டும்.

சட்டம் தரும் வழி

அரசு நிறுவனங்களிடம் விடை வராதபோது, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணைசெய்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால், 30 நாளுக்குள் அவர் விடையளிக்க வேண்டும். தேர்வர் திருத்தப்பட்ட தம் விடைத்தாளைப் பார்க்க உரிமை உடையவர் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் இவ்வுரிமை எல்லாத் தேர்வுக்கும் ஒரே அளவில் அமைவதன்று. குடிமைப் பணித் தேர்வு மதிப்பெண் விவரங்களை இயந்திரம்போல் வெளியிடக் கட்டளையிட இயலாது என்று அந்நீதிமன்றமே 2018இல் கூறியது.

இச்சட்டம் பதிவேட்டில் உள்ளதை மட்டுமே தரும். அலுவலரிடம் கருத்தோ அறிவுரையோ கேட்க இடமில்லை. எனவே 'ஏன்?' என்று கேட்டால் பயனில்லை. 'எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் நான் பெற்ற மதிப்பெண்கள் எவை? நேர்காணலுக்கு வகுக்கப்பட்ட மதிப்பீட்டு அளவுகோல் எது?' என்று ஆவணத்தைச் சுட்டிக் கேட்க வேண்டும். விடைத்தாள்கள் குறிப்பிட்ட காலத்திற்குப் பின் அழிக்கப்படுவதால் காலந்தாழ்த்தலும் ஆகாது. எழுத்துத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததா, நேர்காணலில் குறைந்ததா என்று தெரிந்தாலே உழைப்பை எங்கே செலுத்துவது என்பது தெளிவாகும்.

விடையைப் படித்தல்

ஒரு மாணவரைக் கற்பனையாகக் கொள்வோம். அவர் தந்த தலைப்பு 'கடலோர மக்களின் வாழ்வும் மொழியும்' என்பது. அவர் கடிதத்திற்கு நான்கு சிறு தொடர்களில் விடை வருகிறது: 'ஆய்வுப் பரப்பு மிக விரிவு. முன்னாய்வுகள் போதிய அளவு காட்டப்பெறவில்லை. களப்பணி தெளிவாக இல்லை. நெறியாளர்களிடம் இடமும் குறைவு.'

இந்நான்கும் ஒரு தன்மையன அல்ல. நான்காவது, மாணவரின் குறையன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரே காலத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். இதற்காக வரைவில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. தம் துறையில் எவரிடம் இடம் உள்ளது என்று விண்ணப்பிக்குமுன் கேட்டறிதலே செய்யத்தக்கது. ஏனைய மூன்றும் வரைவைத் திருத்துவதால் நீங்குவன.

இங்கு ஒன்று கருதற்பாலது. படித்தவர் தாம் இடறிய இடத்தைச் சரியாகவே சொல்வார்; ஆனால் இடறியதன் காரணத்தை மாணவரே தேட வேண்டும். 'முன்னாய்வுகள் போதவில்லை' என்றதும் இருபது நூற்பெயர்களைப் பின்னிணைப்பாகச் சேர்த்தால் குறை நீங்காது. முன்னோர் செய்தது எது, செய்யாது விட்டது எது என்ற எல்லைக்கோட்டை அவ்வரைவு காட்டவில்லை என்பதே அக்குறையின் பொருள்.

வரைவு மாறும் விதம்

பரப்பு விரிவு என்றதற்கு விடையாக, மாணவர் 'நாகப்பட்டினம் மாவட்ட விசைப்படகு மீனவரிடையே வலை, காற்று, நீரோட்டம் பற்றிய சொற்கள்: மூன்று ஊர்கள்' என்று தலைப்பைச் சுருக்குகிறார். எந்த மக்கள், எந்தச் சொற்கள், எத்தனை ஊர்கள் என்னும் மூன்று வினாக்களுக்கும் தலைப்பிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

முன்னாய்வுப் பகுதியில், தாம் படித்த சொல்தொகுப்புகள் சொல்லையும் பொருளையும் தருகின்றன. எந்தச் சொல்லை இளையோர் இன்று அறியார் என்பதைத் தரவில்லை என்று எழுதுகிறார். முதியோரையும் இளையோரையும் ஒப்பிடும் தம் ஆய்வுக்கு இவ்விரு வரிகளே இடம் வகுத்துத் தருகின்றன.

களப்பணிக்கு முன்பு 'ஆறு மாதம் களஆய்வு' என்று மட்டுமே எழுதியிருந்தார். இப்போது கணக்கிடுகிறார். ஊருக்குப் பத்துப் பேராக முப்பது பேர். அவருள் பாதியினர் அறுபது வயது கடந்தோர், பாதியினர் முப்பதுக்கு உட்பட்டோர். ஒருவருக்கு இரண்டு அமர்வுகளாக 60 அமர்வுகள். வாரம் ஏழு அமர்வு என்றால் ஏறத்தாழ ஒன்பது வாரம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குச் செல்லாது கரையில் வலை பழுதுபார்க்கும் அந்நாள்களிலேயே உரையாட முடியும் என்று காலத்தையும் குறிக்கிறார். களத்தை அறிந்தவர் எழுதிய திட்டம் இது என்பது குழுவினர்க்குப் புலனாகும்.

எச்சரிக்கைகள்

ஒருவர் சொன்ன குறை ஒருவரது கருத்தே. இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் ஐயமின்றித் திருத்தலாம். ஒருவர் விரிவு என்றும் மற்றொருவர் சுருக்கம் என்றும் கூறினால், இருவருக்கும் ஆய்வின் நோக்கம் விளங்கவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது திருத்த வேண்டியது முதற்பத்தி. 'நல்ல முயற்சி, தொடர்க' என்று மட்டும் விடை வந்தால் அதனைத் திருத்தக் குறிப்பாகக் கொள்ளாது, துறை ஆசிரியர் ஒருவரிடம் வரைவைத் தந்து, அவர் எந்த வரியில் நின்று மீண்டும் படிக்கிறார் என்று கவனிக்கலாம்.

நிறைவாக

அதே நிறுவனத்திற்கு மீண்டும் விண்ணப்பிக்கும்போது, முகப்புக் கடிதத்தில் ஒரு தொடர் சேர்த்தல் தகும்: 'சென்ற பருவத்தில் தாங்கள் சுட்டியவாறு பரப்பைச் சுருக்கி, களப்பணி அட்டவணையை இணைத்துள்ளேன்.' திருத்தம் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதையும் குறித்துவிட்டால், குழுவினர் அதனைத் தேடிக் களைக்க நேராது.