விடுதிச் சமையலறையில் தோசை

ஜெர்மனியின் மாணவர் விடுதிகள் பலவற்றில் நாலைந்து பேருக்கு ஆளுக்கோர் அறையும், பொதுவில் ஒரே சமையலறையும் இருக்கும். அங்கே உடன் தங்கியிருப்பவர்களுக்கு முதன்முதலாகச் சமைத்துப் போட நினைக்கும் தமிழ் மாணவருக்குத் தோசை பொருத்தமானது. ஒவ்வொன்றாக வார்த்துச் சுடச்சுடத் தின்ன வேண்டியிருப்பதால் எல்லாரும் அடுப்பைச் சுற்றியே நிற்பார்கள். பேச்சும் அங்கேயே தொடங்கிவிடும்.

அப்படி ஒரு சமையலறையில் மதுரை மாணவி ஒருவர், எத்தியோப்பிய மாணவர் ஒருவர், ஜெர்மன் மாணவி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் சோதனை மாவு புளிப்பதுதான். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம் என்ற ஊர்க்கணக்கு மாறாது. ஆனால் ஊரில் ஓர் இரவில் பொங்கும் மாவு, 20 டிகிரி அறையில் ஒரு நாள் கழிந்தும் அசையாமல் கிடக்கும். மின் அவனைச் சூடாக்காமல், உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை அதற்குள் வைத்தால் இளஞ்சூட்டில் புளித்துவிடும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம்.

அடுத்தது, யாருக்கு எது ஆகாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது. ஜெர்மன் மாணவிக்குச் சீலியாக் நோய். கோதுமை துளியும் சேரக் கூடாது. அரிசியிலும் உளுந்திலும் அந்தக் கவலை இல்லை. சாம்பாரில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சமையல்காரர்களே பலர் அறியாத விஷயம் இது. அதனால் அன்றைய சாம்பார் பெருங்காயமில்லாமல், பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டுக் கொதித்தது. கோதுமை ரொட்டி சுட்ட கல்லையும் பழைய மரக்கரண்டியையும் அந்த மாணவி தொடவில்லை. புதிதாக ஒரு கல் வந்தது.

முதல் தோசையில் ஓட்டை ஓட்டையாகக் கண் திறந்ததும் எத்தியோப்பியர் குனிந்து பார்த்து, “எங்க இஞ்சராவும் இப்படித்தான் கண் விடும்” என்றார். இஞ்சராவும் புளித்த மாவுதான். டெஃப் என்னும் சிறுதானியத்தில் செய்வது. புளித்த மாவின் மேல் தேங்கும் மஞ்சள் நீரை எடுத்துவைத்து, அடுத்த முறைக்கு உறையாகச் சேர்ப்பார்கள். அதையும் திருப்பிப் போடாமல் ஒரு பக்கம்தான் வேகவைப்பார்கள்.

இரண்டு வாரம் கழித்து இஞ்சரா அவருடைய முறை. வெளிநாடுகளில் டெஃபோடு கோதுமையோ பார்லியோ கலப்பது சகஜம். ஜெர்மன் மாணவியை நினைத்து அவர் தனி டெஃபிலேயே சுட்டார். மாவு அவனில் அதே விளக்கடியில்தான் புளித்தது. ஒரே தட்டில் எல்லாரும் கைவைத்துச் சாப்பிட்டார்கள். பரிவைக் காட்ட அடுத்தவர் வாயில் ஒரு கவளம் ஊட்டுவது எத்தியோப்பிய வழக்கம். முதல் கவளம் மதுரை மாணவிக்குப் போனது. அதற்கடுத்து ஜெர்மன் மாணவி உருளைக்கிழங்கைத் துருவி, கோதுமை மாவுக்குப் பதில் கிழங்கு மாவு பிசைந்து அடை சுட்டு, ஆப்பிள் கூழோடு பரிமாறினார். அதன்பின் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் முறைவைத்து நடந்தது.