அவசரப் பிரிவில் ஆறு மணி நேரம்

தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அடிப்பது மட்டுமல்ல, மிரட்டுவதும் பணியைத் தடுப்பதும் வன்முறையே. அவசரப் பிரிவு வாசலில் ஒட்டும் அறிவிப்பு இதை நோயாளியின் உறவினருக்குச் சொல்கிறது. உள்ளே இருக்கும் புகார்ப் படிவம் நடந்ததைப் பதிவுசெய்கிறது. தாக்குதல் நடந்தால் அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் பெயரிலேயே முதல் தகவல் அறிக்கை பதிவாக மருத்துவமனைத் தலைவர் பொறுப்பேற்க வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறை 2024 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. அடிபட்ட செவிலியர் தனியாகக் காவல் நிலையப் படியேறும் நிலையை இது மாற்றுகிறது.

படிவம் பெரும்பாலும் வீணாவது ஒரே வரியில்: "தகாத வார்த்தை பேசினார்". இதை வைத்து மிரட்டலா வெறும் கோபமா என்று பிரிக்க முடியாது. இரவு 11.40க்கு ஒருவர் செவிலியரின் கையை முறுக்கி, "வெளியே வா, பார்த்துக்கிறேன்" என்றார் என வைத்துக்கொள்வோம். அந்தச் சொற்கள் அப்படியே, கூச வைக்கும் வசையானாலும், எழுதப்பட வேண்டும். நேரம், இடம், உடனிருந்தவர்கள், எந்த நோயாளியின் உறவினர் என்பவையும் வேண்டும். கை வீங்கியிருந்தால் செவிலியரையே நோயாளியாக விபத்துப் பதிவேட்டில் சேர்ப்பது அவசியம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு காயத்துக்குச் சான்றில்லை. கேமராப் பதிவை அன்றே நகலெடுக்க வேண்டும்; சில நாட்களில் அது தானாக அழிந்துவிடும்.