வாட்சுக்குள் 17 கல்: எதற்கு, எங்கே?

பழைய எச்.எம்.டி. ஜனதா வாட்சை எடுத்துப் பார்த்தால் முகப்பில் சின்ன எழுத்தில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருக்கும். தினமும் சாவி கொடுத்து ஓடவிடும் அந்த வாட்சுக்குள் 17 மாணிக்கக் கற்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை நகைக்கடைக் கற்கள் அல்ல. பிரித்து எடுத்து விற்கலாம் என்று நினைத்தால் போன நேரத்துக்குக்கூட விலை கிடைக்காது.

அவை செயற்கை மாணிக்கம். அலுமினியம் ஆக்சைடு தூளை ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுடரில் உருக்கி மாணிக்கமாக வளர்க்கும் முறையை, பிரான்சைச் சேர்ந்த ஒகுஸ்த் வெர்னாய் 1902இல் அறிவித்தார். அதற்கு முன்பு இயற்கைக் கற்களைத்தான் துளையிட்டுப் பதித்தார்கள். அப்படிப் பதிப்பதற்கு லண்டனில் 1704இலேயே காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித அறிஞர் நிகோலா ஃபாத்தியோ. வெர்னாய் முறை வந்த பிறகு கல்லின் விலை சரிந்தது. சாதாரண வாட்சிலும் கல் வைக்க முடிந்தது.

கல் எதற்கு? வாட்சின் உயிர், முன்னும் பின்னும் ஆடும் பாலன்ஸ் வீலில் இருக்கிறது. பழைய வாட்சுகள் பலவற்றில் அது மணிக்கு 18,000 முறை வீசும். ஒரு நாளில் 4,32,000 வீச்சு. அந்தச் சக்கரத்தைத் தாங்கும் எஃகு அச்சின் நுனி, தலைமுடி அளவுக்கு மெல்லியது. அது பித்தளைத் தகட்டில் போட்ட வெறும் துளையில் சுழன்றால் கொஞ்ச காலத்திலேயே துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிடும். போதாததற்கு, நுண்ணிய தூசி மென்மையான பித்தளையில் பதிந்துகொண்டு அரம் போல எஃகு நுனியையே அராவத் தொடங்கும். மாணிக்கத்துக்கு வைரத்துக்கு அடுத்த கடினம் உண்டு. நன்றாக மெருகேறிய துளையில் தூசி பதியாது, உராய்வும் குறைவு. கல்லின் வெளிப்பக்கம் கிண்ணம் போலக் குழித்திருப்பதால், ஒரு சொட்டிலும் மிகச் சிறிய அளவு எண்ணெய் அங்கேயே ஒட்டி நிற்கும்.

இப்போது 17ஐ எண்ணிப் பார்க்கலாம். பாலன்ஸ் வீலின் அச்சுக்கு மேலும் கீழும் துளையுள்ள கற்கள் இரண்டு. அச்சின் நுனி முட்டி நிற்க, அவற்றின் மேல் மூடி போலத் துளையில்லாத கற்கள் இரண்டு. பாலன்ஸ் வீல் ஆடும்போது, பாலட் எனப்படும் கவையைத் தட்டிவிடும் சிறு கல் ஒன்று. அந்தக் கவையின் இரு முனைகளிலும், எஸ்கேப் வீலின் பற்களைப் பிடித்துப் பிடித்து விடுவிக்கும் கற்கள் இரண்டு. இதுவரை ஏழு. வேகமும் அடியும் மிகுந்த இடங்கள் இவைதான். அதனால்தான் மலிவான வாட்சுகள் பல ஏழு கல்லோடு நின்றுகொண்டன.

அடுத்து கவையின் அச்சுக்கு இரண்டு, எஸ்கேப் வீலுக்கு இரண்டு, நான்காம் சக்கரத்துக்கு இரண்டு, மூன்றாம் சக்கரத்துக்கு இரண்டு. கூட்டினால் 15. மீதி இரண்டு, நிமிட முள்ளை ஓட்டும் மையச் சக்கரத்துக்கு. அது மணிக்கு ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். ஆனால் வில்சுருளின் முழு அழுத்தமும் அதன் மேல்தான் விழுகிறது. 15 கல் வாட்சுகளில் ஆண்டுகள் போகப் போகத் தேய்ந்து ஆட்டம் கொடுப்பது இந்த இடமே. இதற்கும் கல் வைத்துவிட்டால், சாவி கொடுத்து மணி, நிமிடம், நொடி மட்டும் காட்டும் ஒரு சாதாரண வாட்சில் கல் தேவைப்படும் முக்கிய இடங்கள் முடிந்துவிடுகின்றன. 17 என்ற எண் இப்படித்தான் வந்தது.

அதற்கு மேல் கல் கூடுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. கை அசைவில் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்சில் அதற்கென்று தனிச் சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றின் அச்சுகளுக்கும் கல் வேண்டும். அதனால் 21, 25 என்று எண்ணிக்கை ஏறும். ஆனால் எல்லா இடத்துக்கும் கல்தான் தீர்வு என்றில்லை. எடர்னா நிறுவனம் 1948இல் சாவி ஏற்றும் ரோட்டாரைச் சிறு குண்டுகள் கொண்ட பால் பேரிங்கில் சுழலவிட்டது. அந்த இடத்தில் கல் இல்லை, எண்ணிக்கை கூடவில்லை, வாட்ச் நன்றாகவே ஓடியது.

1950, 60களில் இந்த எண்ணே விற்பனை உத்தியாகிவிட்டது. ‘எங்களிடம் 30’, ‘எங்களிடம் 50’ என்று போட்டி ஏறியது. வால்தம் என்ற பெயரில் 100 கல் வாட்ச் ஒன்று வந்தது. திறந்து எண்ணினால் உண்மையில் வேலை செய்தவை 17. மற்ற 83ம் ரோட்டாரைச் சுற்றிப் பதிக்கப்பட்டவை. எந்த அச்சையும் அவை தாங்கவில்லை. ஜப்பானின் ஓரியன்ட் நிறுவனமும் 1964இல் 100 கல் வாட்சை விற்றது. கடைசியில் சர்வதேசத் தர அமைப்பு 1974இல் ஐ.எஸ்.ஓ. 1112 என்ற விதியைக் கொண்டுவந்தது. உராய்வைக் குறைக்கும் கல்லைத்தான் எண்ணிக்கையில் காட்டலாம், அலங்காரக் கல்லைச் சேர்த்து விளம்பரம் செய்யக்கூடாது என்றது அந்த விதி.

எதிர்த் திசையிலும் இந்த எண் விளையாடியது. அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், 17க்கு மேல் கல் வைத்த இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் 10.75 டாலர் வரி போட்டது. அங்கே விற்க விரும்பிய சுவிஸ் நிறுவனங்கள் 17லேயே நிறுத்திக்கொண்டன. அவை நிறுத்தியதற்குக் காரணம் வரி, தரக்குறைவு அல்ல.

அப்படியானால் தரத்தை எதில் பார்ப்பது? சுவிட்சர்லாந்தின் ஈட்டா நிறுவனம் செய்யும் 2824-2 என்ற ஆட்டோமேட்டிக் இயந்திரம் இதற்கு நல்ல விடை தருகிறது. பல பிராண்டு வாட்சுகளுக்குள் ஓடும் இந்த இயந்திரத்தில் 25 கல். இதே இயந்திரம் நான்கு தரங்களில் வரும். நான்கிலும் கல் 25தான். அடிமட்டத் தரம், இரண்டு நிலைகளில் வைத்துச் சோதித்து, நாளுக்குச் சராசரியாக 12 நொடி முன்பின் போகலாம் என்ற அளவில் சரிசெய்யப்படுகிறது. அடுத்தது மூன்று நிலைகளில் 7 நொடி. மூன்றாவது ஐந்து நிலைகளில் 4 நொடி. அதில் பாலன்ஸ் வீலின் உலோகமும் ஹேர்ஸ்பிரிங்கும் உயர்ந்தவை. நான்காவது, குரோனோமீட்டர் சான்றிதழ் தேர்வுக்குப் போகும் தரம். கல்லை மட்டும் எண்ணுபவருக்கு இந்த நான்கும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஆகவே பழைய வாட்ச் வாங்குபவர் முகப்பை மட்டும் பார்க்காமல், பழக்கமான சர்வீஸ்காரரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறக்கச் சொல்லலாம். அச்சைத் தாங்கும் கல் என்றால் அதன் நடுவில் எஃகு நுனி பளிச்சென்று தெரியும், அல்லது அது அப்படி ஒரு நுனியை மூடியிருக்கும். ரோட்டார் விளிம்பில் வரிசையாகப் பதித்த கற்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. பிறகு லென்ஸ் வழியாகக் கல்லின் கிண்ணத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எண்ணெய் தெளிந்த வளையமாக நின்றால் நல்லது. வறண்டு, பழுப்பேறி, நுனியைச் சுற்றிப் பசையாக இருந்தால், கல் எத்தனை இருந்தாலும் முதலில் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிப் புதிதாக எண்ணெய் விட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே வாட்சின் விலையைப் பேச வேண்டும்.