‘என் விவரங்களை நீக்கிவிடுங்கள்’: வேலைவாய்ப்பு ஏஜென்சிக்கு எழுத வேண்டிய ஒரு கடிதம்

புது வேலையில் சேர்ந்து பல மாதங்கள் ஆன பிறகும் சிலருக்கு ஏஜென்சி அழைப்புகள் நிற்பதில்லை. மீட்டிங்கில் இருக்கும்போது போன் அடிக்கும். “சார், பெங்களூருல ஒரு ஓப்பனிங் இருக்கு, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்?” என்று ஒரு குரல் கேட்கும். “நான் வேலை தேடவில்லை” என்று சொல்லி வைத்துவிடுவோம். அடுத்த வாரம் அதே ஏஜென்சியிலிருந்து வேறொருவர் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்பார்.

நாம் சொன்னதை அவர்கள் மதிக்கவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. நம்மை அழைப்பவர் அன்றைய பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாகப் போன் செய்யும் ஓர் இளம் ஊழியர். நாம் மறுத்ததும், அந்த ஒரு வேலைக்கு நேராக ‘நாட் இன்ட்ரஸ்டட்’ என்று குறித்துக்கொள்வார். நம் ரெஸ்யூமே டேட்டாபேஸில் அப்படியே இருக்கும். அடுத்த வேலைக்கு இன்னொருவர் தேடும்போது நம் பெயர் மறுபடியும் மேலே வரும். எனவே போனில் கோபப்பட்டுப் பயனில்லை. நீக்கும் அதிகாரம் உள்ளவருக்கு எழுத்தில் கேட்டால்தான் வேலை நடக்கும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம் ரெஸ்யூமே ஏஜென்சிக்குப் போனது பெரும்பாலும் நாமே பதிவு செய்த வேலைவாய்ப்பு இணையதளத்திலிருந்துதான். ஏஜென்சிகள் அங்கே சந்தா கட்டித் தேடி, ரெஸ்யூமேக்களை இறக்கி, தங்கள் டேட்டாபேஸில் சேர்த்துக்கொள்கின்றன. அந்தத் தளத்தில் நம் ப்ரொஃபைல் திறந்தே கிடந்தால், இன்று நீக்கினாலும் நாளை மறுபடியும் இறக்கிக்கொள்வார்கள். ஆகவே முதலில் அங்கே ப்ரொஃபைலை மறைத்துவிடுங்கள் அல்லது கணக்கையே மூடிவிடுங்கள். இதனால் புதிதாக யாரும் எடுக்க முடியாது. ஏற்கெனவே இறக்கிய நகல்கள் மட்டும் அப்படியே இருக்கும். அவற்றுக்குத்தான் கடிதம்.

அடுத்த முறை அழைப்பு வரும்போது இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். “எந்த ஏஜென்சியிலிருந்து பேசறீங்க? என் ரெஸ்யூமே உங்களுக்கு எங்கிருந்து கிடைச்சுதுங்க? கம்பெனி மெயில் ஐடி கொஞ்சம் சொல்றீங்களா?” இந்த மூன்று கேள்விகள் போதும். தயங்காமல் பதில் சொன்னால், பிறகு ஏஜென்சியின் இணையதளத்தில் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தைப் பாருங்கள். குறைதீர்ப்பு அலுவலரின் மின்னஞ்சல் பெரும்பாலும் அங்கே இருக்கும். அவருக்கு எழுதி, அழைத்தவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நிறுவனத்தின் பெயரையே சொல்லாமல் மழுப்புகிறவருக்கும், பதிவுக் கட்டணம் கேட்கிறவருக்கும் எதுவும் எழுதாதீர்கள். பதில் எழுதினால், அந்த முகவரி பயன்பாட்டில் இருக்கிறது என்று அவர்களுக்கு நாமே உறுதி செய்தது போலாகிவிடும். அந்த எண்ணை பிளாக் செய்துவிடுவதே சரி.

கடிதத்தில் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று இருக்கிறது. ‘எல்லாவற்றையும் நீக்குங்கள்’ என்பதும் ‘இனி அழைக்காதீர்கள்’ என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை. நம்மைப் பற்றிய அத்தனையும் அழிந்துபோனால், நாம் அழைக்க வேண்டாம் என்று சொன்னதும் சேர்ந்தே அழிந்துவிடும். பிறகு வேறு வழியில் நம் ரெஸ்யூமே அவர்கள் கைக்கு வந்தால், புது ஆளாக நினைத்து மறுபடியும் அழைப்பார்கள். ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். விவரங்கள் முழுவதும் நீக்கப்பட வேண்டும். மின்னஞ்சலும் போன் எண்ணும் மட்டும், தொடர்புகொள்ளக் கூடாதவர்கள் பட்டியலில் இருக்கலாம்.

சென்னையில் சாப்ட்வேர் டெஸ்டராக இருக்கும் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒருமுறை ஓர் ஏஜென்சி மூலம் நேர்காணலுக்குப் போனவர். அப்போது பான் எண், பிறந்த தேதி, மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாம் கொடுத்திருக்கிறார். அவருடைய கடிதம் இப்படி இருக்கலாம்:

“வணக்கம். சென்ற ஆண்டு உங்கள் நிறுவனம் வழியாக ஒரு டெஸ்டிங் வேலைக்கு விண்ணப்பித்தேன். அப்போது உதவியதற்கு நன்றி. இப்போது நான் வேலை தேடவில்லை. எனவே என் விவரங்களை வைத்திருக்க நான் அளித்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

1. என் ரெஸ்யூமே, பான் எண், பிறந்த தேதி, சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை உங்கள் டேட்டாபேஸிலிருந்தும் ஊழியர்களின் எக்ஸெல் பட்டியல்கள், வாட்ஸ்அப் குழுக்களிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

2. என் மின்னஞ்சலையும் போன் எண்ணையும், தொடர்புகொள்ளக் கூடாதவர்கள் பட்டியலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. என் விவரங்களை எந்தெந்த நிறுவனங்களுக்கு அனுப்பினீர்கள் என்று தெரிவியுங்கள்.

சட்டப்படி எதையாவது வைத்திருக்க வேண்டியிருந்தால், எது, எவ்வளவு காலம் என்று சொல்லுங்கள். நீக்கியதை 15 நாட்களுக்குள் உறுதிப்படுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.”

ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த வரிசை போதும். ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘என் விவரங்கள்’ என்று மட்டும் எழுதினால், ப்ரொஃபைலை நீக்கிவிட்டு, மின்னஞ்சலில் கிடக்கும் சம்பளச் சீட்டை மறந்துவிடுவார்கள். மூன்றாவது கேள்வியும் முக்கியம். ஏஜென்சி அனுப்பி வைத்த நிறுவனங்களிடமும் நம் நகல் இருக்கும். அவற்றுக்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நாம் பதிவு செய்திருந்த மின்னஞ்சலிலிருந்தே கடிதத்தை அனுப்புங்கள். அதுவே நம் அடையாளத்துக்குப் பெரும்பாலும் போதுமான சான்று. அடையாளம் காட்ட ஆதார் நகல் கேட்டால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். நீக்கச் சொல்லிப் போய், புதிதாக ஓர் ஆவணத்தைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது.

பதிலையும் கவனித்துப் படிக்க வேண்டும். ‘மின்னஞ்சல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்’ என்று மட்டும் வந்தால், மெயில்தான் நிற்கும். ரெஸ்யூமே அங்கேயே இருக்கும். ‘நீக்கிவிட்டோம்’ என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே மின்னஞ்சல் தொடரில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அந்த ஏஜென்சி மூலம் உண்மையிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தால், பில், வரி தொடர்பான பதிவுகளைச் சில ஆண்டுகள் வைத்திருப்பார்கள். அது தவறில்லை.

சட்டம் எந்த அளவு துணைக்கு வரும்? இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, அதைக் கொடுத்தது போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அது. விவரங்களை நீக்கச் சொல்லும் உரிமையையும், யாரிடம் பகிர்ந்தார்கள் என்று கேட்கும் உரிமையையும் தருகிறது. ஆனால் அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பகுதிகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் வகையில் அமைக்கப்பட்டன. அதன்பின் குறைகளுக்கு அதிகபட்சம் 90 நாட்களுக்குள் நிறுவனம் தீர்வு காண வேண்டும். தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் போகலாம். முதலில் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அழைத்தது பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ இயங்கும் ஏஜென்சி என்றால், அங்கே இந்த உரிமை 2018 முதலே நடைமுறையில் இருக்கிறது. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

இதனால்தான் கடிதம் பணிவாக இருக்க வேண்டும் என்கிறேன். பின்னாளில் புகார் கொடுக்க நேர்ந்தால், இந்தக் கடிதம்தான் முதல் சான்று. நிதானமாக, தேதியோடு, கேட்டதைத் தெளிவாகக் கேட்ட கடிதத்தை யாராலும் ‘மிரட்டல்’ என்று தள்ள முடியாது. இரண்டு ஆண்டு கழித்து வேலை தேட வேண்டிவந்தால், அதே ஏஜென்சியின் வாசலுக்கு நாம் போகவும் நேரலாம். அனுப்பிய மின்னஞ்சலையும் வந்த பதிலையும் அழிக்காமல் ஒரு தனி ஃபோல்டரில் வைத்திருங்கள்.