ஒட்டு தெரியாத குடும்பப் படம்

வரவேற்பறையில் மாட்ட ஒரு குடும்பப் படம் வேண்டும். அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. மகள் துபாயில் இருக்கிறாள். அம்மா, மகன், பேரக்குழந்தை மூவரும்தான் ஊரில். “எல்லாரையும் ஒரே படத்துல சேத்துக் குடுங்க” என்று கேட்டு ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில்கூட உண்டு. அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று, மகளின் செல்ஃபி ஒன்று, மற்றவர்களைச் சோபாவில் உட்கார வைத்து எடுத்தது ஒன்று. மூன்றையும் வெட்டிச் சேர்த்துவிடுகிறார்கள். சட்டம் போட்டு மாட்டியதும் வீட்டுக்கு வரும் முதல் உறவினர் சொல்கிறார்: “அப்பா மட்டும் ஒட்ட வச்ச மாதிரி இருக்காரே!”

அவர் ஃபோட்டோஷாப் படித்தவர் அல்ல. ஆனாலும் கண்டுபிடித்துவிடுகிறார். பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: தலைகளின் அளவு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை; ஒவ்வொரு முகத்திலும் விழுந்திருக்கும் வெளிச்சமும் நிறமும் வேறு வேறாக இருக்கின்றன.

ஃபோட்டோஷாப் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இந்தச் சிக்கலைச் சமாளித்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஸ்டுடியோ நடத்திய வில்லியம் நாட்மன், 1870இல் நடந்த ஒரு பனிச்சறுக்குக் கொண்டாட்டத்தைப் பெரிய கூட்டுப்படமாக்கினார். அன்றைய கேமராவால் இரவில், உள்ளரங்கில், நகரும் கூட்டத்தைப் பிடிக்க முடியாது. அதனால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அதே உடையில் ஸ்டுடியோவுக்கு வரவழைத்துத் தனித்தனியே படமெடுத்தார். அவற்றை வெட்டி, ஓவியர்கள் தீட்டிய பின்னணியில் ஒட்டி, முழுவதையும் மறுபடி படமெடுத்தார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்பதற்கு ஏற்ப உருவத்தின் அளவு அமைய வேண்டும் என்பதுதான் அந்த வேலையின் ஆதாரம். நாட்மனுக்கு ஒரு வசதி இருந்தது. எல்லாரும் அவர் கேமராவுக்கு முன் வந்து நின்றார்கள். நம் ஊர் ஸ்டுடியோக்காரருக்கு அப்பாவின் பழைய படம் என்ன தருகிறதோ அவ்வளவுதான்.

அளவில் செய்யப்படும் பொதுவான தவறு, தலையின் வெளிக்கோட்டைப் பார்த்துச் சரிசெய்வது. ஒருவருக்கு அடர்ந்த முடி, இன்னொருவருக்கு வழுக்கை, அம்மாவின் கொண்டையில் பூ. வெளிக்கோட்டை நம்பினால் முகம் தவறான அளவுக்குப் போய்விடும். நம்பத்தக்க அளவு, இரண்டு கண்களையும் இணைக்கும் கோட்டிலிருந்து முகவாய் வரை உள்ள தூரம். பெரியவர்களுக்கு இது ஏறக்குறைய தலையின் மொத்த உயரத்தில் பாதி. முகம் சற்றுப் பக்கவாட்டில் திரும்பியிருந்தாலும் இந்த அளவு அதிகம் மாறாது. வாய் விட்டுச் சிரிக்கும் படத்தில் மட்டும் முகவாய் கீழே இறங்கிவிடும். அப்போது கண் கோட்டிலிருந்து மூக்கின் அடி வரை அளந்து ஒப்பிடலாம்.

மேலே சொன்ன குடும்பத்தின் படத்தையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12×18 அங்குலத்தில் அச்சிட வேண்டும் என்றால், 300 டிபிஐ கணக்கில் படத்தின் அகலம் 5400 பிக்சல். அதில் சோபாவில் இருக்கும் அம்மாவின் கண்ணிலிருந்து முகவாய் வரை 280 பிக்சல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதுதான் அடிப்படை. அப்பாவை சோபாவுக்குப் பின்னால் நிற்க வைக்க வேண்டும். அம்மா கேமராவிலிருந்து 2.5 மீட்டரில் இருக்கிறார். அப்பா நின்றிருந்தால் 3 மீட்டரில் இருந்திருப்பார். தூரம் கூடக் கூட உருவம் அதே விகிதத்தில் சிறுக்கும். 280ஐ 2.5ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 233 வருகிறது. ஆண்களின் முகம் பொதுவாகச் சற்றுப் பெரியது என்பதால் ஐந்து விழுக்காடு கூட்டினால் சுமார் 245. பின்வரிசையில் இருப்பவரின் முகம் முன்வரிசையை விடச் சற்றுச் சிறியதாக இருப்பதுதான் இயல்பு. மரியாதைக்காக அப்பாவைப் பெரிதாக்கினால், பின்னால் நிற்பவர் முன்னால் வந்து எட்டிப் பார்ப்பது போல ஆகிவிடும்.

அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்ததில் அதே தூரம் 300 பிக்சல் வந்தால், 82 விழுக்காடாகச் சுருக்கினால் போதும். அதே படத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்திருந்தால் 150தான் கிடைத்திருக்கும். அதை 245க்கு இழுத்துப் பெரிதாக்கும்போது முகம் கலங்கும். பக்கத்தில் அம்மாவின் முகம் துல்லியமாக இருப்பதால் அந்தக் கலங்கல் இன்னும் எடுப்பாகத் தெரியும். வாட்ஸாப்பில் வந்த படத்தை விட அசல் பிரின்ட்டைக் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்வதன் காரணம் இதுதான். ஃபோட்டோஷாப்பில் அளவை மாற்றுவதற்கு முன் அந்த லேயரை Convert to Smart Object என்று மாற்றிக்கொள்வதும் நல்லது. இல்லாவிட்டால் ஒருமுறை சுருக்கி, பிறகு மனம் மாறிப் பெரிதாக்கும் ஒவ்வொரு தடவையும் முகத்தின் விவரம் குறைந்துகொண்டே போகும்.

குழந்தையின் விஷயத்தில் தவறு எதிர்ப்பக்கமாக நடக்கிறது. சின்ன ஆள்தானே என்று தலையையும் பாதியாகச் சுருக்கிவிடுகிறார்கள். ஐந்து வயதிலேயே குழந்தையின் தலைச் சுற்றளவு பெரியவர்களுடையதில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. குழந்தையின் கண்கள் முகத்தில் சற்றுக் கீழே அமைந்திருப்பதால் கண்–முகவாய்க் கணக்கும் இங்கே உதவாது. உச்சி முதல் முகவாய் வரை மொத்த உயரத்தை அளக்க வேண்டும். அம்மாவின் தலை 560 பிக்சல் என்றால், பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஐந்து வயதுப் பேரனுக்குச் சுமார் 500 தேவை. சின்னதாக இருக்க வேண்டியவை கழுத்தும் தோளும்தான்.

மகளின் செல்ஃபி வேறு வகைத் தொல்லை. கை நீட்டி எடுத்த படத்தில் மூக்கு நுனி கேமராவிலிருந்து 50 சென்டிமீட்டரில் இருந்தால், காது 62 சென்டிமீட்டரில் இருக்கும். அதனால் காதோடு ஒப்பிடும்போது மூக்கு கால் பங்கு அளவு பெரிதாகப் பதிவாகிறது. 2.5 மீட்டரிலிருந்து எடுத்தால் இந்த வித்தியாசம் ஐந்து விழுக்காடுதான். செல்ஃபியை எந்த அளவுக்குச் சுருக்கினாலும் அந்த மூக்கு–காது விகிதம் மாறாது. அளவு சரியாக இருந்தும் ‘ஏதோ இடிக்கிறது’ என்று தோன்றும் முகங்கள் பல இப்படிப்பட்டவை. இதைக் கணினியில் இழுத்துச் சரிசெய்ய முயல்வதை விட, மகளுக்கு ஒரு ஃபோன் போட்டு, வேறொருவரை இரண்டரை மீட்டர் தள்ளி நின்று, கண் மட்டத்தில் கேமராவைப் பிடித்து, ஜூம் செய்து எடுத்து அனுப்பச் சொல்வது மேல்.

அளவு முடிந்த பிறகே நிறத்துக்குப் போக வேண்டும். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம் வரும் திசை. அம்மாவின் இடது கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம், அப்பாவின் வலது கன்னத்தில் ஸ்டுடியோ விளக்கு என்றால் எந்த நிறத் திருத்தமும் ஒட்டை மறைக்காது. பலர் உடனே அப்பாவின் முகத்தை இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். திருப்பினால் வகிடு மறுபக்கம் போகும், மச்சம் மாறும், சட்டைப்பை வலப்பக்கம் வரும். அம்மாவின் முகமாக இருந்தால் மூக்குத்தியும் இடம் மாறும். முதலில் கண்டுபிடிப்பவர்கள் வீட்டுக்காரர்கள்தான். திருப்பாமல், வெளிச்சப் பக்கத்தை லேசாக மங்கலாக்கி, எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்குவது ஓரளவுக்கு உதவும். மூக்கின் நிழலே கன்னத்தில் அழுத்தமாக விழுந்திருந்தால் வேறு படம் தேட வேண்டியதுதான்.

அடுத்தது இருட்டும் வெளிச்சமும். நிறம் கண்ணை ஏமாற்றும் என்பதால், எல்லா லேயருக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Black & White லேயரைப் போட்டுப் பார்ப்பது கைதேர்ந்தவர்களின் வழக்கம். அப்போது பழைய படத்தின் குறை பளிச்சென்று தெரியும். அம்மாவின் கூந்தலில் மிகக் கருமையான இடம் 20 என்ற மதிப்பில் இருக்க, அப்பாவின் தலைமுடி 55இல் சாம்பலாக நிற்கும். பிரின்ட் வெளுத்ததன் விளைவு அது. Curves கருவியில் அப்பாவின் கருமையை 20க்கு இறக்கி, சட்டையின் வெண்மையை மகனின் சட்டையளவுக்குக் கொண்டுவந்தாலே பாதி ஒட்டு மறைந்துவிடும். இந்தத் திருத்தம் அப்பாவின் லேயரை மட்டும் பாதிக்குமாறு அதனோடு பிணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மொத்தப் படமும் சேர்ந்து இருளும்.

பிறகுதான் நிறம். இங்கே ஒரு பழக்கம் பல ஸ்டுடியோக்களில் வேரூன்றியிருக்கிறது: எல்லா முகங்களையும் ஒரே தோல் நிறத்துக்கு, அதுவும் வெளுப்பாக, மாற்றிவிடுவது. ஒரு குடும்பத்தில் எல்லாரும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. ஒன்றாக்க வேண்டியது அவர்கள் மேல் விழும் வெளிச்சத்தை மட்டுமே. அதற்குத் தோலை விட வெள்ளைத் துணி நல்ல வழிகாட்டி. மகனின் வெள்ளைச் சட்டையில் சிவப்பு 215, பச்சை 220, நீலம் 228 என்று இருந்தால், அது நிழல் வெளிச்சத்தின் குளிர்ந்த வெண்மை. பழுத்துப்போன படத்தில் அப்பாவின் சட்டை 225, 215, 185 என்று மஞ்சளாக இருக்கும். Curves கருவியில் நீலத்தை ஏற்றி, சிவப்பைக் கொஞ்சம் இறக்கி, சட்டையைச் சட்டையோடு சேர்த்தால், முகம் அதன் சொந்த நிறத்திலேயே புதிய வெளிச்சத்துக்கு வந்துவிடும். Match Color போன்ற தானியங்கி வசதிகள் அம்மாவின் சிவப்புப் பட்டுப்புடவையையும் கணக்கில் எடுத்து அப்பாவின் முகத்தைச் சிவக்க வைத்துவிடும். முகப்பகுதிகளை மட்டும் தேர்வு செய்து பயன்படுத்தினால் பரவாயில்லை.

அப்பாவின் படம் கறுப்பு வெள்ளையாக இருந்தால் என்ன செய்வது? ஒரு முகத்துக்குச் செயற்கையாக வண்ணம் ஏற்றுவதை விட, மொத்தக் குடும்பப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்குவது பெரும்பாலும் நல்ல பலன் தரும். நிறச் சிக்கல் முழுவதும் ஒரே அடியில் போய்விடும். மிஞ்சுவது இருட்டும் துல்லியமும் மட்டுமே.

கடைசியாகத் துல்லியம். சுருக்கப்பட்ட முகம் சுற்றியுள்ளவற்றை விடக் கூர்மையாகத் தெரியலாம். Gaussian Blur அரை பிக்சல், பிறகு ஓரிரு விழுக்காடு Noise என்ற அளவில் கொடுத்து மற்றவர்களோடு சேர்க்க வேண்டும். முகவாய்க்குக் கீழே கழுத்தில் விழும் நிழலும், அம்மாவின் தோளுக்குப் பின்னால் அப்பாவின் சட்டையில் விழும் நிழலும் இல்லாவிட்டால் உருவங்கள் காகித வெட்டுகளாகவே நிற்கும். முடிந்ததும் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்க்கலாம். அடுத்து இடவலமாகத் திருப்பிப் பார்க்கலாம். கண் எந்த முகத்தில் முதலில் போய் நிற்கிறதோ, அதில்தான் இன்னும் வேலை பாக்கி.

படம் சேர்க்கக் கொடுக்கப் போகிறவர்கள், இறந்தவரின் ஒரே ஒரு படத்தோடு நின்றுவிட வேண்டாம். நான்கைந்து அசல் பிரின்ட்டுகளைத் தேடி எடுத்துப் போங்கள். வெளிச்சத்தின் திசை பொருந்துவதை ஸ்டுடியோக்காரர் தேர்ந்தெடுக்கட்டும். அப்பாவின் உயரம் என்ன, அம்மாவை விட எவ்வளவு கூட என்பதையும் சொல்லுங்கள். பிரின்ட் போடுவதற்கு முன், அவரை நன்றாக அறிந்த ஒருவரிடம் திரையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். லேயர்களோடு கூடிய கோப்பையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பேரக்குழந்தை வரும்போது முழு வேலையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.