விளக்கு எதைப் பார்க்கிறது?

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் வார்க்கும் பித்தளைக் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக மண் அச்சில் வார்த்து, கடைந்து, மரை போட்டுப் பூட்டுகிறார்கள். நேரில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத அந்த வேலைப்பாடு, இணையக் கடைப் படங்களில் பல நேரம் காணாமல் போய்விடுகிறது. ஒரு படத்தில் விளக்கு வெளிறிக் கிடக்கிறது, இன்னொன்றில் கறுப்புத் திட்டுகளோடு நிற்கிறது. இத்தனைக்கும் எடுத்தது நல்ல போனாகத்தான் இருக்கும். ஒரு சன்னலும் நாலைந்து அட்டைகளும் இருந்தால் அதே போனிலேயே இதைச் சரிசெய்ய முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

துணியும் மரமும் தம்மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அதனால் அவற்றைப் படமெடுப்பது எளிது. மெருகேற்றிய பித்தளை அப்படிச் செய்யாது. எதிரே இருப்பதை அப்படியே திருப்பிக் காட்டும். வளைந்த தண்டு அறை முழுவதையும் சுருக்கித் தன்மேல் ஏந்திக்கொள்ளும். படத்தில் கறுப்புத் திட்டாகத் தெரிவது பெரும்பாலும் போனைப் பிடித்தவரின் சட்டை. பச்சைச் சாயல் தெரிந்தால் அது எதிர்ச்சுவரின் பெயிண்ட். ஆகவே பித்தளையைப் படமெடுக்கிறவர் முதலில் கவனிக்கவேண்டியது விளக்கைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைத்தான். போனை வைக்கப்போகும் இடத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்று, தண்டில் தெரிவதை மேலிருந்து கீழாகப் பாருங்கள். அங்கே தெரியும் ஒவ்வொன்றும் படத்திலும் வரும்.

9 அங்குல ஐந்துமுக விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சன்னலிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு மேசை, சன்னல் விளக்குக்கு இடது கை பக்கம். அறையின் குழல்விளக்கையும் பல்பையும் அணைத்துவிட வேண்டும். சன்னல் வெளிச்சத்தின் நிறம் வேறு, பல்பின் நிறம் வேறு. இரண்டும் சேர்ந்தால் தண்டின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் ஆரஞ்சாகவும் போகும், அதைப் பிறகு எந்தச் செயலியாலும் சரிசெய்வது கடினம்.

வடக்குச் சன்னலில் வெயில் விழாது, அதுவே சிறந்தது என்று பல கையேடுகள் சொல்லும். ஐரோப்பாவுக்கு அது பொருந்தும். நம் ஊரில் கோடை மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னலிலும் வெயில் நுழையும். திசையைப் பற்றிக் கவலைப்படாமல், மேசைமேல் நேர் வெயில் விழாத நேரமா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த சிக்கல் சன்னல் கம்பி. நம் வீட்டுச் சன்னல்கள் எல்லாவற்றிலும் கம்பி உண்டு, அது தண்டின்மேல் வரிவரியாகப் பதியும். மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றைக் கம்பியோடு ஒட்டாமல் ஓரடி இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். கம்பியின் நிழல் கரைந்து, வேட்டி முழுவதும் ஒரே சீரான வெளிச்சப் பரப்பாக மாறும். அதன் பிம்பம் தண்டில் மேலிருந்து கீழ்வரை நீண்ட, மென்மையான ஒளிக்கோடாக விழும். தண்டு உருண்டையானது என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்வது அந்தக் கோடுதான். போனின் ஃபிளாஷ் போட்டால் இதே இடத்தில் ஊசிமுனை போன்ற வெள்ளைப் புள்ளிகள்தான் கிடைக்கும். ரிங் லைட் வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு வட்டம் உட்கார்ந்துகொள்ளும். ஒளி தரும் பரப்பு பொருளைவிடப் பெரிதாகவும் அதற்குப் பக்கத்திலும் இருக்கவேண்டும் என்பது பித்தளைக்கு விட்டுக்கொடுக்க முடியாத விதி. வலப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்தினால் இருண்ட பாதிக்கும் கொஞ்சம் வெளிச்சம் போகும்.

பின்னணிக்கு வெள்ளை சார்ட் பேப்பர். அதன் மேல்விளிம்பைச் சுவரிலோ ஒரு பெட்டியிலோ ஒட்டி, மடிப்பு விழாமல் வளைந்து மேசைமேல் இறங்கும்படி விடவேண்டும். மடித்தால் விளக்குக்குப் பின்னால் ஒரு கோடு தெரியும். விளக்குக்கும் நிமிர்ந்த பகுதிக்கும் பத்து அங்குலமாவது இடைவெளி இருந்தால் நிழல் பின்னால் விழாது. வெள்ளைத் துணியை நான் பரிந்துரைப்பதில்லை. இஸ்திரி போட்டாலும் அதன் சுருக்கங்கள் படத்தில் தெரிந்துவிடும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். எல்லாம் வெள்ளையாக வைத்து எடுத்தால் விளக்கின் விளிம்பு பின்னணியில் கரைந்துவிடுகிறது. தண்டின் நடுப்பகுதி தனக்கு எதிரே உள்ளதைக் காட்டும். ஓரத்துக்குப் போகப்போக அது பக்கத்தில் இருப்பதையும், கடைசி விளிம்பில் பின்னால் இருப்பதையும் காட்டும். பின்னால் இருப்பது வெள்ளைத் தாள், அதனால் விளிம்பும் வெள்ளை. ஸ்டூடியோக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் தீர்வு மிக எளிமையானது. கறுப்புச் சார்ட்டில் மூன்று அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டி, விளக்கின் இரு பக்கமும், விளக்குக்குச் சற்றுப் பின்னால், படச்சட்டத்துக்குள் வந்துவிடாத அளவு தள்ளி நிறுத்துங்கள். உடனே தண்டின் இரு ஓரத்திலும் மெல்லிய அடர்நிறக் கோடு ஓடுவதைத் திரையிலேயே பார்க்கலாம். அன்னத்தின் கழுத்து வளைவும் தட்டின் விளிம்பும் அப்போதுதான் செதுக்கியதுபோலப் பிரிந்து நிற்கும். கோடு தடித்துப்போனால் பட்டைகளை விளக்கிலிருந்து இன்னும் தள்ளி வையுங்கள்.

இனி போன். லென்ஸைப் பருத்தித் துணியால் துடைத்து, முக்காலியில் பொருத்துங்கள். பொருளுக்கு அருகே போய் எடுப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். 9 அங்குல விளக்கின் தட்டு நான்கு அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு அங்குலத் தொலைவிலிருந்து எடுத்தால் தட்டின் முன்விளிம்பு ஆறு அங்குலத்திலும் பின்விளிம்பு பத்து அங்குலத்திலும் இருக்கும். முன்முகம் பின்முகத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாகி, தட்டே கோணிப்போனதாகத் தோன்றும். இரண்டரை அடி தள்ளிப் போனால் இந்த வித்தியாசம் ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தள்ளிப்போவதால் விளக்கு சிறிதாகத் தெரியும், அதற்கு 2x அழுத்துங்கள். அதற்குமேல் விரலால் இழுத்துப் பெரிதாக்குவது வேண்டாம். தனி டெலி லென்ஸ் இல்லாத போன்களில் நுணுக்கம் கெட்டுவிடும்.

போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். அன்னத்தின் வளைவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அது உலோகம் என்று நினைத்துக்கொள்ளும், இல்லையென்றால் அலகை மங்கலாக்கிவிடும். பின்னணியைத் தானாக வெட்டி எடுக்கும் செயலிகளும் இதே தவற்றைச் செய்கின்றன.

தண்டின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஐபோனில் AE/AF LOCK என்று வரும். மற்றப் பல போன்களிலும் இதே வசதி பூட்டுக்குறியாக உண்டு. பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே நகர்த்துங்கள். வெள்ளை நிறைந்த காட்சியைப் போன் அளவுக்கு மீறிய வெளிச்சம் என்று கணக்கிட்டு இருட்டாக்கும். தாள் சாம்பல் நிறமாக வருவது அதனால்தான். எவ்வளவு ஏற்றுவது? தண்டின் ஒளிக்கோட்டைப் பாருங்கள். அதில் பித்தளையின் மஞ்சள் கொஞ்சமாவது இருக்கவேண்டும். அது வெறும் வெள்ளையாகிவிட்டால் அந்த இடத்தின் விவரம் போய்விட்டது, திரும்ப எடுக்க முடியாது. ஒளிக்கோடு சரியாக இருந்தும் தாள் இன்னும் சாம்பலாகவே இருந்தால், குறியை மேலும் ஏற்றாமல், தாளுக்கு வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும்படி மேசையைத் திருப்புங்கள். Pro மோடு உள்ள போனில் WB 5500 அளவில் நிறுத்திவிட்டால் நல்லது. தானியங்கியில் விட்டால் மஞ்சள் அதிகம் என்று போன் நீலத்தைக் கூட்டும், ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு நிறத்தில் வரும். மூன்று வினாடி டைமர் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். அப்படியும் போனும் முக்காலியும் தட்டில் தெரிந்தால், லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட வெள்ளை அட்டையைப் போனுக்கு முன்னால் பிடிக்கலாம்.

விளக்கைத் தொடும்போது கையில் துணி இருக்கட்டும். புளி போட்டுத் தேய்த்த பித்தளையில் விரல்ரேகையும் காய்ந்த நீர்ப்புள்ளியும் கண்ணுக்குத் தெரிவதைவிடப் படத்தில் அதிகம் தெரியும்.

ஒரு விளக்கு நன்றாக வந்த பிறகுதான் கடையின் உண்மையான சோதனை. வரிசையாக இருபது விளக்குகள் திரையில் வரும்போது ஒன்று சட்டத்தை முட்டிக்கொண்டும் ஒன்று மூலையில் ஒதுங்கியும் நின்றால் வாங்க வருபவருக்கு எதையும் ஒப்பிட முடியாது. அமேசானில் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணியும், சட்டத்தில் 85 சதவீதத்தைப் பொருள் நிரப்புவதும் விதி. சொந்தத் தளத்துக்கும் அந்த அளவையே வைத்துக்கொள்ளலாம். சதுரமாக வெட்டி, விளக்கின் உயரம் சட்டத்தின் உயரத்தில் 85 சதவீதம், பக்கத்துக்கு 1600 பிக்சல். மேசையில் விளக்கு நிற்கும் இடத்தையும் தரையில் முக்காலியின் மூன்று கால்களையும் டேப் ஒட்டிக் குறித்துவிட்டால், அடுத்த வாரம் வரும் விளக்கையும் அதே கோணத்தில் எடுக்க முடியும். லென்ஸின் உயரத்தையும் அளந்து எழுதிவையுங்கள். லென்ஸ் மேலே ஏறினால் தட்டு அகலமாகத் தெரியும், இறங்கினால் வெறும் கோடாகிவிடும். தட்டின் உட்புறம் சற்றே தெரியும் உயரம் குத்துவிளக்குக்குப் பொருந்தும்.

ஆனால் இந்த ஒழுங்கில் ஓர் ஆபத்து இருக்கிறது. எல்லா விளக்கும் 85 சதவீதம் நிரப்பினால் 9 அங்குல விளக்கும் இரண்டடி விளக்கும் திரையில் ஒரே உயரம். பெரிது என்று நினைத்து வாங்கியவர் சிறியதைப் பிரித்துப் பார்க்கும்போது ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார், அதில் தவறும் இல்லை. அதனால் இரண்டாவது படம் அளவுக்கென்றே இருக்கவேண்டும். விளக்கின் பக்கத்தில் ஒரு தேங்காயோ, தண்டைப் பிடித்த கையோ இருக்கட்டும். ஒரே வகையில் பல அளவுகள் விற்பவர் போனையும் 2x-ஐயும் மாற்றாமல், ஒரே இடத்திலிருந்து ஒவ்வொன்றையும் எடுத்து அருகருகே போட்டால் உயர வித்தியாசம் தானாகத் தெரியும். உயரமும் எடையும் எழுத்திலும் வரட்டும். மூன்றாவதாக, விளக்கைக் கவிழ்த்து அடிப்பாகத்தையும், பிறகு மரை பூட்டும் இடத்தையும் கிட்டத்தில் எடுங்கள். கனத்தையும் வார்ப்பையும் பார்த்து வாங்குகிறவர்கள் தேடுவது இந்தப் படங்களைத்தான். வார்ப்பில் உள்ள சிறு குழியைச் செயலியில் அழிக்காதீர்கள், கையால் செய்த பொருளில் அது இருக்கும்.

ஓரடிக்கு மேற்பட்ட விளக்குக்குச் சார்ட் போதாது. ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் பளபளப்பில்லாத வெள்ளை ஃபிளெக்ஸ் மீட்டர் கணக்கில் கிடைக்கும். நான்கைந்து அடி உயர விளக்கை அறைக்குள் எடுக்க முயலவேண்டாம். மேலே உள்ள அன்னத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் அடிப்பாகத்துக்குப் போய்ச் சேராது. வெயில் நேரே விழாத திண்ணையிலோ தாழ்வாரத்திலோ ஃபிளெக்ஸைத் தொங்கவிட்டு, வெளிச்சம் வரும் பக்கம் வேட்டியை விளக்கின் உயரத்துக்குக் கட்டி, கறுப்புப் பட்டைகளையும் அதே உயரத்துக்கு நீட்டி எடுக்கவேண்டும்.