பெறுபேற்றின் இரு அளவுகோல்கள்: நிலையான எல்லையும் வளையிமுறையும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றுத்தாள் ஒரே மாணவரைப் பற்றி இருவேறு தீர்ப்புகளைக் கூறுகின்றது. ஒன்று பாடத்திற்குரிய தரம். 75 புள்ளியும் அதற்கு மேலும் 'ஏ', 65 முதல் 'பி', 55 முதல் 'சி', 35 முதல் 'எஸ்' என்பன முன்னரே வகுக்கப்பட்ட எல்லைகள். மற்றையது 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு அடிப்படையாயுள்ள இசட் புள்ளி. மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்திற்குத் தோற்றியோரின் இடையைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்தால் அது கிடைக்கும். முன்னையது மாணவர் எவ்வளவு அடைந்தார் என வினவுகின்றது. பின்னையது அவர் ஏனையோரிடையே எங்கு நிற்கின்றார் என வினவுகின்றது. செவ்வன் வளையியைக் கொண்டு வகுப்பறையில் தரமிடும் முறையும் இப்பின்னைய வகையினதே.

இவ்விரு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரண்படல் கூடும். ஒரு கற்பனை உதாரணத்தை நோக்குவோம். ஒரு பாடத்தின் இடை 60, நியம விலகல் 12. அதில் 78 பெற்ற மாணவிக்கு 'ஏ' தரமும் 1.5 இசட் புள்ளியும் கிடைக்கும். வேறொரு பாடத்தின் இடை 35, நியம விலகல் 14. அதில் 63 பெற்ற மாணவனுக்குத் தரம் 'சி' மட்டுமே. ஆனால் இசட் புள்ளி 2.0. பல்கலைக்கழக வாயிலில் 'சி' பெற்றவன் 'ஏ' பெற்றவளை முந்துகின்றான். இது கணிதத் தவறு அன்று. இரண்டாவது வினாத்தாள் கடினமானது எனக் கொண்டால் அது நியாயமுமாகும்.

ஆனால் அவ்வாறு கொள்ளுதற்கு ஆதாரம் யாது? முதற் பாடத்தில் அடுத்த ஆண்டு எல்லோரும் 10 புள்ளி கூடுதலாகப் பெற்றனர் என்போம். இடை 70 ஆகும். 78 பெற்றிருக்கக் கூடியவள் 88 பெறுவாள். அவளது இசட் புள்ளி மாறாது 1.5 ஆகவே இருக்கும். 30 பெற்றுச் சித்தியடையாதிருக்கக் கூடியவனோ 40 பெற்று 'எஸ்' அடைவான். இது நல்ல கற்பித்தலின் விளைவாயின், வளையிமுறை அதனை முற்றாக மறைத்துவிடுகின்றது. வினாத்தாள் இலகுவானதன் விளைவாயின், நிலையான எல்லை கல்வி வளர்ந்துவிட்டதாகப் பொய்த் தோற்றம் தருகின்றது. நிலையான எல்லை வினாத்தாள் ஆண்டுதோறும் மாறவில்லை எனக் கொள்கின்றது. வளையிமுறை பரீட்சார்த்திகளின் தொகுதி மாறவில்லை எனக் கொள்கின்றது. இவ்விரண்டில் எது மெய் என்பதைப் புள்ளிகள் தாமே கூறமாட்டா. முன்னைய வினாக்கள் சிலவற்றை இரகசியமாகப் பேணிப் புதிய வினாத்தாளில் மாற்றமின்றி மீண்டும் சேர்த்தால் மட்டுமே ஒப்பிடலாம். கடந்தகால வினாத்தாள்கள் நூல்களாக விற்கப்படும் நம் நாட்டில் அது எளிதன்று.

தொகுதி பற்றிய இவ்வெடுகோள் பிழைத்தால் நேர்வது யாது என்பதை 2011 ஆம் ஆண்டுப் பரீட்சை காட்டியது. அவ்வாண்டு புதிய பாடத்திட்டத்திலும் பழைய பாடத்திட்டத்திலும் மாணவர்கள் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையளித்தனர். எனினும் இரு சாராரையும் ஒன்றிணைத்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. இவர்கள் இருவேறு தொகுதியினர் என ஏற்று, தனித்தனியே கணிக்குமாறு 2012 இல் உயர் நீதிமன்றம் பணித்தது. எவருடைய விடைத்தாளிலும் ஓர் எழுத்துத்தானும் மாறவில்லை. ஒப்பிடப்படும் கூட்டம் மாறியதும் இசட் புள்ளிகளும் மாறின. சார்பு அளவுக்குத் தனக்கெனப் பொருள் இல்லை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

போட்டியின் தன்மையும் அளவுகோலால் மாறுகின்றது. 20 பேர் கொண்ட வகுப்பில் நால்வருக்கு மட்டுமே 'ஏ' என விதித்தால், தோழனுக்குப் பாடம் விளக்கும் மாணவி தன் இடத்தையே பணயம் வைக்கின்றாள். அத்தகைய சிறு வகுப்பில் புள்ளிகள் செவ்வன் வளையியாக அமையும் என எதிர்பார்ப்பதற்கும் நியாயம் இல்லை. நிலையான எல்லையில் அவளது உதவி அவளுக்கு எந்த நட்டத்தையும் தராது. நாடளாவிய பரீட்சையில் ஒரு தோழனின் முன்னேற்றம் இடையை உணரத்தக்க அளவு அசைக்காது என்பது உண்மையே. ஆயினும் அனுமதியிடங்களிற் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையிற் பகிரப்படுவதால், பக்கத்து மேசையில் இருப்பவர் அதே சில இடங்களுக்கான போட்டியாளராகவே தோன்றுகின்றார்.

இடங்கள் குறைவாயிருக்கும்வரை யாரைத் தெரிவது என்ற வினாவுக்குச் சார்பு அளவு தேவைப்படும். அது தெரிவுக்குரிய கருவி. கற்றலின் அளவு அன்று. ஒரு பாடசாலையின் இசட் புள்ளிகளைக் கொண்டு அங்கு கற்பித்தல் உயர்ந்தது அல்லது தாழ்ந்தது எனத் தீர்ப்பதும், பல்கலைக்கழகத்தினுள் அனுமதி பெற்றுவிட்ட மாணவரை மீண்டும் வளையியில் நிறுத்துவதும் அக்கருவியைப் பொருந்தாத பணிக்குப் பயன்படுத்துவதாகும். விரிவுரையாளர் முதலில் தம் பாடநெறியின் முடிவில் மாணவர் எதனைச் செய்ய வல்லவராதல் வேண்டும் என எழுதிவைத்தல் வேண்டும். அதனை எழுத இயலாதபோதே வளையி வசதியான புகலிடமாகின்றது.